ஷிப்ட் மாறுற நேரத்துல பி.எஃப். பத்திப் பேசணும், ஒரே ஒரு படம்தான் காட்ட முடியும் – எந்தப் படம்?

டைம்ஆபீஸ் | 14 ஜூன் 2025, இரவு 9.40

கங்கைகொண்டான் சிப்காட்டுல ஒரு கம்பெனியில டைம் ஆபீஸ் வேலை எனக்கு. அடுத்த மாசம் ஷிப்ட் மாறுற நேரத்துல இருபது நிமிஷம் தாராங்க, ரிட்டயர்மென்ட் சேமிப்பு பத்தி ஸ்லைடு போட்டுப் பேசணும். கேக்கப் போறது ஐ.டி.ஐ. முடிச்ச பையங்க, பேக்கிங்ல நிக்கிற பிள்ளைங்க, ஏற்கனவே ரெண்டு மூணு கம்பெனி மாறி வந்தவங்க.

நெட்டுல கிடைக்கிற ஸ்லைடு எல்லாத்துலயும் ஒரே கதை. ஒருத்தர் 25 வயசுல சேமிக்க ஆரம்பிச்சார், இன்னொருத்தர் 35ல ஆரம்பிச்சார், 60ல யார்கிட்ட எவ்வளவு. எங்க ஆளுங்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. வேலைக்குச் சேந்த மொத மாசமே பி.எஃப். பிடிச்சிருவாங்க. எப்ப ஆரம்பிக்கிறதுன்னு அவங்க முடிவு பண்ணுறதில்ல. அவங்க கையில இருக்கிற முடிவு வேலையை விடும்போதுதான் வருது: பணத்தை எடுக்கவா, புதுக் கம்பெனிக்கு மாத்தவா? என் மேசைக்கு வாற பாதிப் பேரு "அண்ணே, வேலையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, பணம் எடுக்கப் படிவம் 19 போட்டுக் குடுங்க"ன்னுதான் வாராங்க. படிவம் 13 போட்டு மாத்தணும்னு கேக்கிறவங்க கம்மி.

அதனால கூட்டு வட்டிய இந்த முடிவை வச்சுத்தான் காட்டணும்னு நினைக்கேன். கணக்கு இது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000. தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,800. கம்பெனி போடுற 1,800ல 1,250 பென்ஷனுக்குப் போயிரும், மிச்சம் 550 பி.எஃப்.ல சேரும். ஆக மாசம் 2,350. வட்டி 8 சதவீதம்னு வச்சிருக்கேன். 2024-25க்கு அறிவிச்சது 8.25, ஆனா எல்லா வருஷமும் அது வரும்னு யாரும் சொல்ல முடியாது. 25 வயசுல சேந்து 58 வரைக்கும் 33 வருஷம்.

அஞ்சாவது வருஷ முடிவுல கணக்குல 1,71,504 இருக்கும். அப்ப வேலையை விட்டுட்டு அதை எடுத்தா 58ல என்ன ஆகும்? கடைசி வரிசையில நிக்கிற ஆளு நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே படத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கணும். எப்படி வரையலாம்?

எக்ஸெல் தம்பி | 14 ஜூன், இரவு 10.15

அண்ணே, இதுக்கு எக்ஸெல்ல `FV` ஒண்ணே போதும்.

```
=FV(0.08/12, 396, -2350)
```

45.4 லட்சம் வருது. ரெண்டு கோடு போடுங்க. ஒண்ணு எடுக்காதவர், இன்னொண்ணு எடுத்தவர். சோலி முடிஞ்சது.

ஆனா 8 சதவீதம் காட்டுனா யாரும் அசர மாட்டாங்க. எஸ்.ஐ.பி. 12 சதவீதம்னு போட்டா ஒரு கோடியத் தாண்டும். அதைப் பாத்தாத்தான் பயலுக நிமிந்து உக்காருவாங்க.

பேட்டை அண்ணாச்சி | 15 ஜூன், காலை 6.20

தம்பி, வாய்பாடு சரிதான், ஆனா அது பி.எஃப்.க்குப் பொருந்தாது. அது மாசாமாசம் வட்டியை அசலோட சேர்க்கிற கணக்கு. பி.எஃப்.ல வட்டியை மாச இருப்பு மேல போடுவாங்க. ஆனா அசலோட சேர்க்கிறது வருஷத்துக்கு ஒரு தடவைதான். முதல் மாசம் போட்ட 2,350க்கு அந்த வருஷத்துல 11 மாச வட்டி, அடுத்ததுக்கு 10 மாசம், இப்படியே குறைஞ்சு கடைசி மாசப் பணத்துக்கு ஒண்ணும் இல்ல. மொத்தம் 66 மாச வட்டி. முதல் வருஷ வட்டி 1,034 ரூபாய் வரணும். உங்க கணக்குல 1,057 வந்திருக்கும், பாருங்க.

23 ரூபாய் தானேன்னு தோணும். 33 வருஷம் கழிச்சு அது ரெண்டே முக்கால் லட்சம். சரியான வரி இது, B2ல பூஜ்யம் வச்சுட்டு B3ல இதைப் போட்டுக் கீழ இழுத்துக்கிட்டே போங்க:

```
=B2*1.08 + 28200 + 2350*66*0.08/12
```

58ல 42.67 லட்சம் வரும். நான் முப்பது வருஷத்துக்கு மேல பல கம்பெனிகளுக்கு பி.எஃப். கணக்கு எழுதுனவன். கூட்டத்துல எவனாவது ஒருத்தன் பாஸ்புக்கைத் திறந்து வச்சு, "நீங்க சொன்ன வட்டி இதுல இல்லையே"ன்னு கேப்பான். அந்த இடத்துல படம் பாஸ்புக்கோட ஒத்துப் போகலைன்னா மிச்சம் இருக்கிற பேச்சை ஒருத்தரும் காதுல வாங்க மாட்டாங்க. பாஸ்புக்குல பணம் ஏறுற தேதியால ஒரு மாசம் முன்ன பின்ன இருக்கும், அதை மட்டும் முதல்லயே சொல்லிருங்க.

12 சதவீதம் வேண்டாம். பி.எஃப்.லயே 1989-90ல இருந்து பத்து வருஷத்துக்கு மேல 12 சதவீதம் குடுத்தாங்க. 2021-22ல அது 8.1க்கு வந்துச்சு. கண்ணு முன்னால இறங்குனதைப் பாத்தவன் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

எக்ஸெல் தம்பி | 15 ஜூன், காலை 8.05

புரிஞ்சுது அண்ணாச்சி. 66 எங்கேருந்து வருதுன்னு எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லலை.

ஆனா இன்னொரு இடம் இடிக்குதே. 33 வருஷமும் 15,000லயே நிப்பாங்களா? சம்பளம் ஏறும்ல? வருஷத்துக்கு 5 சதவீதமாவது ஏத்திப் போட்டாத்தானே கணக்கு நிஜமாகும்?

பேட்டை அண்ணாச்சி | 15 ஜூன், காலை 8.50

சம்பளம் ஏறும். பிடித்தம் ஏறணும்னு கட்டாயம் இல்ல. சட்டப்படி வரம்பு 15,000, 2014 செப்டம்பர்ல வச்சது, 2025 ஜூன் வரைக்கும் அதேதான். நிறையத் தனியார் கம்பெனியில சம்பளம் 22,000 ஆனாலும் 15,000க்கு மட்டும்தான் பிடிப்பாங்க. டைம் ஆபீஸ் தம்பி போட்ட 2,350 அப்படிப்பட்ட ஆளோட நிஜக் கணக்கு.

டைம்ஆபீஸ் | 15 ஜூன், இரவு 10.30

அண்ணாச்சி சொல்லுறது எங்க கம்பெனிக்கு அப்படியே பொருந்தும். எங்க சம்பளப் பட்டியல்ல பி.எஃப். பத்தியில மேல இருந்து கீழ வரைக்கும் 1,800, 1,800, 1,800னுதான் நிக்கும். ஆபரேட்டருக்கும் அதே, சூப்பர்வைசருக்கும் அதே.

அண்ணாச்சி வரியை வச்சு 33 வருஷமும் இழுத்தேன். அதுல எனக்குப் பிடிச்ச இடம் பத்தாவது வருஷம். அது வரைக்கும் நாம போடுற பணம்தான் வட்டியை விடப் பெரிசு. ஒன்பதாவது வருஷ வட்டி 25,910, நாம போட்டது 28,200. பத்தாவது வருஷத்துல வட்டி 30,239 ஆயிருது. அதுல இருந்து கடைசி வரைக்கும் வட்டிதான் முன்னால போகுது. பிடித்தம் 2,350னாலும் சரி, 5,000னாலும் சரி, வருஷாவருஷம் ஒரே தொகையா இருந்தா 8 சதவீதத்துக்கு அந்தத் திருப்பம் பத்தாவது வருஷம்தான் வரும்.

எங்க ஆளுங்க மூணு வருஷம், அஞ்சு வருஷத்துல கம்பெனி மாறுறவங்க. ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டா அந்தப் பத்தாவது வருஷத்தை அவங்க பாக்கவே மாட்டாங்க. 58 வயசு வரைக்கும் அவங்களுக்கு பி.எஃப்.ங்கிறது சம்பளத்துல பிடிக்கிற காசு மட்டும்தான். வட்டி வேலை செய்யுறதை வாழ்க்கையில ஒரு தடவைகூடப் பாத்திருக்க மாட்டாங்க. "என்ன பெரிய வட்டி, கழுதை"ன்னு அவங்க சொல்லும்போது அவங்க பாத்த பாஸ்புக் வரைக்கும் அது உண்மை.

சமாதானபுரம் நர்ஸ் | 16 ஜூன், மதியம் 2.10

நான் தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ். 2017ல ஒரு ஆஸ்பத்திரிய விட்டு வந்தேன். அந்த பி.எஃப். அப்படியே கிடக்கு, எடுக்கவும் இல்ல, மாத்தவும் இல்ல. மூணு வருஷம் ஆச்சுன்னா வட்டி நின்னுரும்னு எல்லாரும் சொல்லுதாங்களே? அப்போ அந்தப் பணம் செத்த பணமா?

பேட்டை அண்ணாச்சி | 16 ஜூன், மாலை 5.30

இல்லம்மா, சாகலை. மூணு வருஷத்துல வட்டி நிக்கும்ங்கிறது 2011ல வந்த விதி. 2016 நவம்பர்ல மாத்திட்டாங்க. உங்க வயசுல இருக்கிறவங்களுக்கு வேலையை விட்டாலும் வட்டி ஏறிக்கிட்டே இருக்கும். ஆனா வேலையில இல்லாத காலத்துக்கு வந்த வட்டிக்கு வரி உண்டு, அதை மறந்துராதீங்க.

கிடக்கட்டும்னு விடாம மாத்திருங்க. ரெண்டு விஷயம் பாருங்க. பழைய ஆஸ்பத்திரி உங்க விலகுன தேதியைப் போட்டிருக்காங்களான்னு இணையதளத்துல சேவை விவரத்துல தெரியும். போடலைன்னா நீங்களே போடலாம், அதுக்கு வசதி இருக்கு. அடுத்தது பேர், பிறந்த தேதி ஆதாரோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். இனிஷியல் முன்னால பின்னால மாறுனாலே நம்ம ஊர்ல நிறையப் பேருக்குத் திரும்பி வந்துரும்.

முக்கூடல் மகள் | 18 ஜூன், இரவு 8.45

இழையை முழுசாப் படிச்சேன். எங்க அம்மா பீடி சுத்துனாங்க. பீடிக்கு 12 கிடையாது, 10 சதவீதம்தான் பிடிப்பாங்க. அக்கா கல்யாணத்துக்கு மொத்தத்தையும் எடுத்து நகை வாங்குனோம். அதுக்கப்புறம் மறுபடி முதல்ல இருந்து சேந்துச்சு.

எனக்கு ஒரு சந்தேகம். அம்மா எடுத்தது ஆரம்ப வருஷத்துக் காசு. சின்னத் தொகை. உங்க கணக்குலயும் 1.71 லட்சம்தான். பின்னால வாற வருஷம்தானே பெரிசா ஏறுது? அந்தப் பெரிய வருஷமெல்லாம் அவங்களுக்கு அப்படியே இருக்கே. அப்போ இழப்பு சின்னதுதானே? கல்யாணம்னா சும்மாவா, அதுக்கு எடுத்ததைத் தப்புன்னு என்னால சொல்ல முடியலை.

டைம்ஆபீஸ் | 18 ஜூன், இரவு 11.20

தங்கச்சி, கல்யாணத்துக்கு எடுத்ததைத் தப்புன்னு யாரும் சொல்லலை. ஆனா உங்க கேள்வியிலதான் நான் தேடுன படம் இருக்கு. ராத்திரி பூரா இதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

எடுத்தவரோட கணக்கை வருஷ வாரியா எழுதிப் பாருங்க. அஞ்சாம் வருஷம் பூஜ்யம். ஆறாம் வருஷ முடிவுல அவர்கிட்ட இருக்கிறது, எடுக்காதவர்கிட்ட முதல் வருஷ முடிவுல இருந்த அதே தொகை. பத்தாம் வருஷத்துல மற்றவரோட அஞ்சாம் வருஷத் தொகை. கடைசியா 58 வயசுல, 33வது வருஷத்துல, அவர் நிக்கிறது மற்றவரோட 28வது வருஷத்துல. 27.87 லட்சம். அங்கயே ரிட்டயர்மென்ட் வந்துருது.

அப்போ அவருக்குப் போனது ஆரம்ப அஞ்சு வருஷம் கிடையாது. கடைசி அஞ்சு வருஷம். 28ல இருந்து 33 வரைக்கும் கணக்கு 27.87ல இருந்து 42.67க்குப் போற அந்த அஞ்சு வருஷம்தான் அவருக்குக் கிடைக்காமப் போகுது. 14.8 லட்சம். 1.71ஐ 28 வருஷம் வட்டியில விட்டாலும் அதே 14.8தான் வருது, சரி பாத்துட்டேன்.

அதனால ரெண்டு கோடே வேண்டாம். வருஷத்துக்கு ஒண்ணா 33 தூண். ஒவ்வொரு தூணுலயும் கீழ கருநீலம், கணக்குல போட்ட பணம். மேல ஆரஞ்சு, வட்டி. கடைசி அஞ்சு தூணை மட்டும் உள்ளே நிறம் இல்லாம வெறும் கோட்டால வரையப் போறேன். அது மேல ஒரே வரி: "30 வயசுல பி.எஃப். எடுத்தவருக்கு இந்த அஞ்சும் கிடையாது."

எக்ஸெல் தம்பி | 19 ஜூன், காலை 7.30

அண்ணே, இது நல்லாருக்கு. வரைஞ்சு பாத்தேன். மூணு விஷயம் சொல்லுதேன்.

முதல்ல 5, 10, 15, 20, 25, 30, 33ன்னு ஏழு தூண் மட்டும் போட்டுப் பாத்தேன். கடைசி இடைவெளி மூணு வருஷம்தான், ஆனா படத்துல மத்ததோட அதே அகலம். வளர்ச்சி கடைசியில சட்டுன்னு தளர்ந்த மாதிரி பொய்யாத் தெரியுது. அதனால 33 தூணும் போடுறதுதான் சரி, ஒல்லியா இருந்தாலும் பரவாயில்ல.

ரெண்டாவது, எண்ணெல்லாம் 4,266,720ன்னு வருது. நம்ம ஆளுங்க அதைப் பாத்துக் குழம்புவாங்க. எல்லாத்தையும் 100000ஆல வகுத்து லட்சத்துலயே போட்டுட்டேன்.

மூணாவது, மஞ்சளும் இளம்பச்சையும் புரொஜக்டர்ல தெரியாது. கேன்டீன்ல ஜன்னல் வெளிச்சம் இருந்தா சுத்தமாத் தெரியாது. நீங்க சொன்ன கருநீலமும் ஆரஞ்சும் நிக்கும்.

வி.கே.புரம் | 21 ஜூன், மாலை 4.00

நான் மில்லுல வேலை பாத்து ஓய்வு பெற்றவன். என் காலத்துல 12 சதவீத வட்டி வந்தது உண்மை. பெரிய தொகைன்னு நினைச்சுத்தான் வாங்கிட்டு வந்தேன். வீட்டு மாடி கட்டுனேன், பையன் படிப்பு, முடிஞ்சது. நான் கேக்கிறது ஒண்ணுதான். 33 வருஷம் கழிச்சு 42 லட்சத்துக்கு என்ன வாங்க முடியும்? அதைச் சொல்லாம படம் காட்டுறது நியாயமா?

டைம்ஆபீஸ் | 21 ஜூன், இரவு 9.15

ஐயா கேட்டது என்னையும் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு.

விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுதுன்னு வச்சுப் பாத்தேன். 33 வருஷத்துல விலை அஞ்சு மடங்கு ஆயிரும். 42.67 லட்சத்துக்கு அன்னைக்கு வாங்குறதை இன்னைக்கு எட்டரை லட்சத்துக்கு வாங்கிரலாம். அதே மாதிரி 30 வயசுல எடுத்த 1.71 லட்சத்தை விட்டு வச்சிருந்தா 14.8 ஆகும்னு சொன்னேன்ல, 30 வயசு விலையில அது 3.77 லட்சம்.

இதுதான் நேர்மையான எண்ணுன்னு நினைக்கேன். ஒன்றே முக்கால் லட்சத்தை எடுக்காம விட்டா, அதோட வாங்குற சக்தி ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல ஆகுது. எட்டரை மடங்கு கிடையாது. எட்டரை மடங்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா, எங்க பையங்க 58 வயசுல ஐயா மாதிரியே கேப்பாங்க, அப்ப பதில் சொல்ல நான் அங்க இருக்க மாட்டேன்.

பேட்டை அண்ணாச்சி | 22 ஜூன், காலை 6.10

எனக்கு இதுல உடன்பாடு இல்ல தம்பி. கணக்கு சரி. ஆனா இருபது நிமிஷத்துல, களைச்சுப் போயி நிக்கிறவங்ககிட்ட, "42 லட்சம், ஆனா அது எட்டரை லட்சம்தான்"னு சொன்னீங்கன்னா அவங்க காதுல விழுறது "பிரயோஜனம் இல்ல"ங்கிறதுதான். மறுநாளே படிவம் 19 கேட்டு வருவாங்க.

இந்த எட்டரை லட்சத்துக்குக் காரணம் வட்டி மட்டும் கிடையாது. விலை ஏறுது, பிடித்தம் 2,350லயே நிக்குது. கடைசி வருஷத்துல போடுற 2,350 இன்னைக்கு 500 ரூபாய்க்கும் கீழ. அதுக்கு மருந்து உண்டு. சம்பளம் ஏறும்போது 12 சதவீதத்துக்கு மேல சொந்த விருப்பத்துல கூடுதலாப் பிடிக்கச் சொல்லி எழுதிக் குடுக்கலாம். கம்பெனி தன் பங்கைக் கூட்டணும்னு இல்ல, ஆனா வட்டி அதேதான். விலைவாசியைச் சொல்லுறதா இருந்தா இதையும் அதே மூச்சுல சொல்லுங்க. இல்லன்னா ரெண்டையும் அடுத்த கூட்டத்துக்கு வச்சுக்கிடுங்க.

வி.கே.புரம் | 22 ஜூன், காலை 9.40

அடுத்த கூட்டம் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும். சொல்லிரணும். அவ்வளவுதான்.

மேலப்பாளையம் | 25 ஜூன், இரவு 11.50

எல்லாரும் பி.எஃப். எடுக்காத எடுக்காதன்னு சொல்லுதீங்க. என் கதை கேளுங்க. வாப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு லட்சம் மூணு வட்டிக்கு வாங்குனேன். மாசம் 3,000 வட்டி மட்டும் போகுது, அசல் அப்படியே நிக்குது. வேலையை விட்டதும் பி.எஃப். எடுத்து முழுசா அடைச்சேன். நான் செஞ்சது தப்பா?

பேட்டை அண்ணாச்சி | 26 ஜூன், காலை 6.30

தப்பே இல்ல. மூணு வட்டின்னா வருஷம் 36 சதவீதம். எட்டு சதவீதத்துல வளருற பணத்தை வச்சுக்கிட்டு 36 சதவீதம் கட்டுறது எந்தக் கணக்குலயும் நிக்காது. நீங்க செஞ்சதுதான் சரி.

வேலையில இருக்கும்போதே ஆஸ்பத்திரிச் செலவு வந்தா படிவம் 31 போட்டு முன்பணம் வாங்கலாம். 2025 ஜூன் விதிப்படி மருத்துவத்துக்கு இத்தனை வருஷம் சர்வீஸ் வேணும்னு கிடையாது. ஆறு மாசச் சம்பளம் இல்லன்னா உங்க பங்கு, எது குறைவோ அது. கணக்கு மூடாது, பென்ஷன் சர்வீஸும் அறுபடாது. கல்யாணத்துக்குன்னா அதே 2025 ஜூன் விதிப்படி ஏழு வருஷம் ஆகியிருக்கணும், உங்க பங்குல பாதி. ஆனா வெளியில வட்டிக்கு வாங்குன கடனை அடைக்கன்னு அந்த விதியில ஒரு காரணம் கிடையாது, அது ஒரு குறைதான்.

வேலையை விட்டவங்க ஒண்ணு கவனிங்க. படிவம் 19ஓட 10சியும் சேர்த்துப் போட்டு பென்ஷன் பங்கையும் எடுத்துட்டா, அதுவரை உள்ள சர்வீஸ் போயிரும். மாசப் பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேணும். கடனுக்குப் பணம் வேணும்னா 19 மட்டும் போட்டு, 10சியில பணத்துக்குப் பதிலா திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைங்க. அடுத்த கம்பெனியில அந்த சர்வீஸ் சேரும்.

டைம்ஆபீஸ் | 26 ஜூன், இரவு 10.05

மேலப்பாளையம் அண்ணன் கேட்டதுக்கப்புறம் படத்துக்குக் கீழ இருந்த வரியை மாத்திட்டேன். "எடுக்காதீங்க"ன்னு இருந்தது. இப்ப "ரெண்டு வட்டி, மூணு வட்டிக் கடன் இருந்தா முதல்ல என்கிட்ட வந்து பேசுங்க"ன்னு இருக்கு. எடுக்காதேன்னு பொதுவாச் சொன்னா கடன்ல இருக்கிறவன் அந்தக் கூட்டத்துல தலை குனிஞ்சு நிப்பான். அவனுக்கு எடுக்கிறதுதான் சரியான கணக்குன்னா அதை நான் மறைக்கக் கூடாது.

டைம்ஆபீஸ் | 11 ஜூலை, இரவு 9.50

தேரோட்டத்துக்கு லீவு முடிஞ்சு மறுநாளே கூட்டம் வச்சிட்டாங்க. பேசிட்டேன்.

படத்தைப் போட்டுட்டு முதல்ல ஒண்ணும் சொல்லலை. பேக்கிங் பிள்ளை ஒண்ணு, "அண்ணே, கடைசி அஞ்சு ஏன் காலியா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. பக்கத்துல நின்ன பையன் மேல இருந்த வரியைச் சத்தமா வாசிச்சான். அதுக்கப்புறம் நான் சொல்ல வேண்டியது அஞ்சாம் வருஷத் தூணைத் தொட்டுக் காட்டி, "எடுத்தது இவ்வளவு, போனது அவ்வளவு"ன்னு மட்டும்தான். அஞ்சாம் தூண் கீழ ஒரு விரல் உயரம் இருக்கும். காலியா இருக்கிற அஞ்சும் கேன்டீன் சுவத்துல பாதி உயரத்துல ஆரம்பிச்சு மேல போகுது.

விலைவாசியைச் சொன்னேன், அண்ணாச்சி சொன்ன மாதிரி கூடுதல் பிடித்தத்தோட சேர்த்து. ரெண்டு பேரு முகம் வாடுனது நிஜம். ஆறு பேரு கூடுதல் பிடித்தத்துக்கு எழுதிக் குடுக்க ஃபார்ம் கேட்டிருக்காங்க. எது சரின்னு இன்னும் எனக்கு முடிவாத் தெரியலை.

ஆனா ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். மெயின்டனன்ஸ்ல ஒரு அண்ணன், வயசு 45. "இந்தப் படம் சின்னப் பயலுகளுக்கு. எனக்கு என்ன இருக்கு?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அவருக்கு என்ன காட்டுறது?

பேட்டை அண்ணாச்சி | 12 ஜூலை, காலை 6.15

அவருக்குப் படமே வேற. 25 வயசுக்காரனுக்கு இனிமே போடப் போற பணம்தான் சொத்து. 45 வயசுக்காரருக்கு ஏற்கனவே கணக்குல கிடக்கிற இருப்புதான் சொத்து.

கணக்குல 4 லட்சம் இருக்குன்னு வைங்க. 58க்கு இன்னும் 13 வருஷம். இனிமே மாசம் 2,350 போட்டு வாறது 6.28 லட்சம். இருக்கிற 4 லட்சம் தன்னால வளர்ந்து 10.88 லட்சம் ஆகும். மொத்தம் 17 லட்சத்துக்கு மேல. அவர் இப்ப கம்பெனி மாறும்போது அந்த நாலை எடுத்தா, கையில மிஞ்சுறது 6.28 மட்டும்தான். மொத்தத்துல எவ்வளவு பங்கு போகுதுன்னு பாத்தா சின்னப் பையனை விட அவருக்குத்தான் எடுக்கிறது பெரிய அடி, ஏன்னா மறுபடி சேர்க்க வருஷம் கிடையாது.

எக்ஸெல் தம்பி | 12 ஜூலை, காலை 8.20

அப்போ ஒரு சின்னத் தாள் போதும் அண்ணாச்சி. 8 சதவீதத்துக்கு இன்னைக்கு இருக்கிற இருப்பு 58ல எத்தனை மடங்குன்னு: 30 வயசுன்னா 8.6, 35ன்னா 5.9, 40ன்னா 4, 45ன்னா 2.7, 50ன்னா 1.85. பாஸ்புக் இருப்பை அதால பெருக்கிக்கிட வேண்டியதுதான்.

சமாதானபுரம் நர்ஸ் | 12 ஜூலை, இரவு 7.00

எனக்கு 35. பழைய ஆஸ்பத்திரியில 61,000 கிடக்கு. 5.9ன்னா மூணரை லட்சம். இனிஷியல் தப்பா இருக்குன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க, திருத்தத்துக்கு மறுபடி போட்டிருக்கேன்.

டைம்ஆபீஸ் | 13 ஜூலை, இரவு 10.40

தம்பி சொன்ன அஞ்சு எண்ணையும் படத்தோட பிரிண்டுக்குப் பின் பக்கத்துல போட்டுட்டேன். "என் இருப்பு" ஒரு கட்டம், "என் மடங்கு" ஒரு கட்டம், "58ல" ஒரு கட்டம். வட்டி 8 சதவீதம்ங்கிறதை மூலையில சின்னதாப் போடாம, கட்டத்துக்கு மேலேயே பெரிசாப் போட்டிருக்கேன், குறைஞ்சா இந்த எண் குறையும்னும் எழுதியிருக்கேன். நைட் ஷிப்ட் ஆளுங்களுக்கு வர்ற வாரம். மெயின்டனன்ஸ் அண்ணனை பாஸ்புக் இருப்பு பாத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். பாஸ்வேர்டு மறந்து போச்சுன்னு சொன்னாரு, பதிவு செஞ்ச நம்பர்ல இருந்து மிஸ்டு கால் குடுத்தா மெசேஜ் வரும்னு சொல்லி விட்டிருக்கேன்.